அழைப்புப் பொத்தானில் மறைத்த எண் லேபிளில் தெரிகிறது: டெலிவரி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெலிவரி செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கும், பொருள்களை வாசல் வரை கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

'உங்கள் கைபேசி எண் டெலிவரி ஊழியருக்குத் தெரியாது' என்று உங்களில் பலர் செயலியில் எழுதிவைத்திருக்கிறீர்கள். அழைப்புப் பொத்தானை மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதே ஆர்டர் முடிவதற்குள் அந்த எண் வேறு வழிகளில் ஊழியரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது குறித்துப் புகார் வரும்போதெல்லாம், குறிப்பிட்ட ஊழியர் விதியை மீறிவிட்டார் என்றும் அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் பதில் அனுப்புகிறீர்கள். தொலைபேசி அழைப்புகளை வழிநடத்தும் மென்பொருளில் வேலை செய்கிற எனக்கு இந்தப் பதில் நியாயமாகப் படவில்லை. எண்ணை மறைத்துச் செய்யும் அந்த அழைப்பு வேண்டிய நேரத்தில் போய்ச் சேராததால்தான் வாடிக்கையாளரும் ஊழியரும் உண்மை எண்ணைப் பரிமாறிக்கொள்கிறார்கள். அது ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கான காரணங்கள் உங்கள் வடிவமைப்பில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவும் மிகக் குறைவு.

இதை விளக்க ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் எண் 41 என்று முடிகிறது, ஊழியரின் எண் 07 என்று முடிகிறது என வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கும் பல எண்களில் ஒன்று 88 என்று முடிகிறது. இதை இடை எண் என்று அழைக்கிறேன். ஊழியருக்கு ஆர்டர் ஒதுக்கப்பட்டதும் உங்கள் சர்வர் ஒரு பதிவை எழுதுகிறது: 07 என்ற எண்ணிலிருந்து 88-க்கு அழைப்பு வந்தால் 41-க்கு இணைக்க வேண்டும், 41-லிருந்து 88-க்கு வந்தால் 07-க்கு இணைக்க வேண்டும். இரண்டு திசையிலும் எதிரே இருப்பவரின் திரையில் தெரிவது 88 மட்டுமே. யார் அழைக்கிறார், எந்த எண்ணை அழைக்கிறார் என்ற இரண்டு தகவல்களும் சேர்ந்தால்தான் சரியான பதிவு கிடைக்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதனால்தான் அதே 88 இன்னும் ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கும் ஒரே நேரத்தில் பயன்பட முடிகிறது. ஒருவருக்கு ஒரே இடை எண்ணில் இரண்டு இணைப்புகள் அமையக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அப்படி அமைந்துவிட்டால் அவர் அழைக்கும்போது இருவரில் யாருக்கு இணைப்பது என்று சர்வருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாடு முதலில் உடையும் இடம் நேரம். பொருள் ஒப்படைக்கப்பட்டது என்று ஊழியர் பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே உங்களில் பலர் இணைப்பைத் துண்டித்துவிடுகிறீர்கள். ஆனால் பொத்தானை அழுத்தும் நேரமும் பொருள் கைமாறும் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மேல்தளத்தில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்த ஊழியர் கீழ்வாசலிலேயே பொத்தானை அழுத்திவிட்டு லிஃப்டில் ஏறுகிறார். ஏறிய பிறகு கதவு எண் குழம்புகிறது. அழைத்தால் 'இந்த ஆர்டர் முடிந்துவிட்டது' என்று பதிவுக் குரல் சொல்கிறது. வாடிக்கையாளர் பக்கத்திலும் இதே நிலைதான். பையைத் திறந்து பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரரின் பொருள் உள்ளே இருக்கிறது, உடனே திரும்ப அழைக்கிறார், இணைப்பு இல்லை. இப்படி ஓரிரு முறை மாட்டிக்கொண்ட ஊழியர் அடுத்த ஆர்டரில் முதல் அழைப்பிலேயே, "உங்க நம்பரைச் சொல்லிடுங்க, அப்புறம் லைன் கிடைக்காது" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

இணைப்பை நீண்ட நேரம் திறந்துவைத்தால் இடை எண்கள் நிறையத் தேவைப்படும், அதற்கு வாடகை அதிகம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் காரணம் நிற்காது. ஒவ்வோர் இணைப்பையும் ஒப்படைத்த பிறகு ஒரு நாள் முழுவதும் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஓர் ஊழியருக்கு எந்த நேரத்திலும் அதிகபட்சம் 30 இணைப்புகளும், ஒரு வாடிக்கையாளருக்கு அதிகபட்சம் 4 இணைப்புகளும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். புதிதாக ஓர் ஆர்டர் வரும்போது அந்த ஊழியர் ஏற்கெனவே பயன்படுத்தும் இடை எண்கள் 29-க்கு மேல் இருக்க முடியாது. அந்த வாடிக்கையாளர் பயன்படுத்துபவை 3-க்கு மேல் இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்தால் 32 எண்கள் விலக்கப்படுகின்றன; 33-வது எண் ஒன்று இருந்தால் அதை இந்த ஜோடிக்குக் கொடுத்துவிடலாம். ஊழியர்கள் நூறு பேராக இருந்தாலும் நூறாயிரம் பேராக இருந்தாலும் இந்த 33 மாறாது. நடைமுறையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி எண்கள் தேவைப்படலாம், ஓர் எண் ஸ்பேம் என்று குறிக்கப்பட்டுவிட்டால் மாற்று எண் கையில் இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடலாம் என்பதற்குத் தொலைபேசி நிறுவனத்திடம் தனியாகக் கொள்ளளவு வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டி எண்ணிக்கையைப் பல மடங்காக்கினாலும் அது உங்களுக்கு ஒரு பொருட்டாக இருக்காது. இணைப்பை நொடியில் துண்டிப்பது சிக்கனத்துக்காக எடுத்த முடிவாகத் தெரியவில்லை. யாரோ முதலில் எழுதிய மென்பொருளில் அப்படி இருந்தது, பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இணைப்பை ஒரு நாள் வைத்திருப்பதால் ஊழியர் நள்ளிரவில் வாடிக்கையாளரை அழைக்கும் வாய்ப்பு வருமே என்று கேட்கலாம். இரண்டு திசைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஊழியரிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் திசையை ஒப்படைத்த அரை மணி நேரத்தில் மூடிவிடலாம். வாடிக்கையாளரிடமிருந்து வரும் திசையை அதே அரை மணி நேரத்துக்கு ஊழியருக்கும், அதன் பிறகு ஒரு நாள் வரை உங்கள் உதவி மையத்துக்கும் திருப்பலாம். இந்த இரண்டாவது பகுதி ஊழியருக்காகவும் முக்கியம். அவருடைய எண்ணும் அந்தரங்கமானதுதான். நேற்றைய ஆர்டரைப் பற்றிக் கேட்க இன்று சாப்பிட உட்காரும் நேரத்தில் அழைக்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து அவரைக் காப்பதும் இதே இடை எண்ணின் வேலை. உங்கள் விளம்பரங்களில் இந்தப் பாதி ஏனோ வருவதே இல்லை.

இடை எண்களைத் திரும்பப் பயன்படுத்தும்போது இன்னொரு சிறு கவனம் வேண்டும். முந்தைய இணைப்பு முடிந்ததும் அதே 88-ஐ அதே ஊழியரின் அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டால், ஊழியர் தன் கைபேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்து பழைய 88-ஐத் தொட்டு, "கீழே நிக்கிறேன், கதவைத் திறங்க" என்று சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இருவருமே நீண்ட நாளாகப் பயன்படுத்தாத எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்ற ஒரே விதி இதை ஏறக்குறைய முழுமையாகத் தவிர்த்துவிடும்.

ஏற்பாடு இரண்டாவதாக உடையும் இடம் அழைப்பவரின் அடையாளம். வாடிக்கையாளர் 41-லிருந்துதான் திரும்ப அழைப்பார் என்று உங்கள் பதிவு நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு சிம் போட்ட கைபேசியில் அவர் மற்ற சிம்மிலிருந்து அழைத்துவிட்டால், அல்லது தவறிய அழைப்பைப் பார்த்த மனைவி தன் கைபேசியிலிருந்து அழைத்தால், சர்வருக்கு அது முன்பின் தெரியாத எண். 'நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை' என்று அது சொல்லும். இல்லாத எண்ணிலிருந்து சற்று முன்பு எப்படி அழைப்பு வந்தது என்று வீட்டில் குழம்புவார்கள். ஊழியரின் கைபேசியிலும் இரண்டு சிம்கள் இருக்கும். நிறுவனத்தில் பதிவு செய்த சிம்மில் பேலன்ஸ் தீர்ந்திருக்கும். சில இடங்களில் அதே எண்ணே வேறு வடிவத்தில் வந்து சேர்கிறது: ஒரு முறை நாட்டுக் குறியீட்டோடும், இன்னொரு முறை முன்னால் சுழியத்தோடும் வருகிறது. E.164 என்ற சர்வதேச முறைப்படி, நாட்டுக் குறியீடு உட்பட அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட ஒரே வடிவத்துக்கு எல்லா எண்களையும் மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும் என்பது இத்துறையில் அரிச்சுவடி. ஆனாலும் இது இன்னும் தவறிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: இடை எண்ணிலிருந்து அழைப்பு வந்தவுடன் அதே சிம்மிலிருந்து ஒரு முறையும் வேறு எண்ணிலிருந்து ஒரு முறையும் திரும்ப அழைத்துப் பாருங்கள். முதலாவதும் போகவில்லை என்றால் கோளாறு எண் வடிவத்திலோ நேரத்திலோ இருக்கிறது. இரண்டாவது மட்டும் போகவில்லை என்றால் தெரியாத எண்ணுக்கு மாற்றுவழியே வைக்கவில்லை என்று பொருள்.

மாற்றுவழியாகச் சிலர் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அழுத்தச் சொல்கிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் இலக்கங்கள் போதாது. ஓர் இடை எண்ணில் அந்த நேரத்தில் 2000 இணைப்புகள் திறந்திருக்கின்றன என்று கொள்வோம். நான்கு இலக்கங்களில் மொத்தம் 10,000 சேர்க்கைகள்தான் இருக்கின்றன. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு இலக்கங்களை அழுத்தினால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு அழைப்பு போய்விடும். அதையே ஆறு இலக்கமாக்கினால் வாய்ப்பு ஐந்நூற்றில் ஒன்றாகக் குறைகிறது. ஓர் எண்ணிலிருந்து மூன்று தவறான முயற்சிகளுக்கு மேல் அனுமதிக்காமல் உதவி மையத்துக்குத் திருப்பிவிட்டால் விளையாட்டுக்கும் வம்புக்கும் இடமிருக்காது. இந்த ஆறு இலக்கக் குறியீட்டைச் செயலியில் ஆர்டர் பக்கத்திலேயே காட்டுங்கள். பொருளைப் பெறுபவர் வேறொருவர் என்றால், ஆர்டர் செய்யும்போதே அவருடைய எண்ணையும் அந்த இணைப்பில் சேர்த்துக்கொள்ளும் வசதி வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் மகள் ஆர்டர் செய்ய, வீட்டில் இருக்கும் அம்மா வாங்கிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியம். இதை விதிவிலக்காகக் கருதிக் குறிப்புப் பெட்டியில் அம்மாவின் எண்ணை எழுதவைப்பது, நீங்களே உண்மை எண்ணை ஊழியரிடம் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

வாடிக்கையாளர் அழைப்பை எடுக்காமலே விடுவதும் அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தெரியாத எண்ணிலிருந்து வருகிறது. சில நேரம் அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள் அதை ஸ்பேம் என்று சிவப்பில் காட்டும். பலருக்கும் பொதுவான எண் என்பதால் எங்கோ ஒருவர் எரிச்சலில் கொடுத்த புகார் அந்த எண்ணைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்கிறது. அழைப்பு கிளம்புவதற்குச் சில நொடிகள் முன்பே, இந்த எண்ணிலிருந்து உங்கள் ஊழியர் அழைக்கிறார் என்று செயலியில் ஓர் அறிவிப்பு வந்தாலே இதில் பெரும் பகுதி தீர்ந்துவிடும்.

எண் அழைப்பில் மறைந்திருந்தும் எழுத்தில் வெளியே போவதற்கு இன்னொரு வாசல், இருப்பிடத்தை அனுப்புவது. வரைபடத்தில் குறி தவறான தெருவில் விழுந்திருக்கிறது. ஊழியர் "லொகேஷன் அனுப்புங்க" என்கிறார். வாடிக்கையாளர் தன் அரட்டைச் செயலியில் அனுப்புகிறார். அத்துடன் அவருடைய எண், பெயர், முகப்புப் படம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. இங்கே இருவரும் எந்த விதியையும் மீற நினைக்கவில்லை. வழி கண்டுபிடிக்கத்தான் முயன்றார்கள். ஊழியர் புறப்பட்ட பிறகும் வரைபடக் குறியை வாடிக்கையாளரே நகர்த்தி, அது உடனே ஊழியரின் திரையில் மாறும்படி செய்திருந்தால் அந்தக் கோரிக்கையே எழுந்திருக்காது. அதைச் செய்யாமல், உங்கள் உள் அரட்டையில் இலக்கங்கள் வந்தாலே நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிடும் வடிகட்டியை வைக்கிறீர்கள். அது கதவு எண்ணையும் வாயில் குறியீட்டையும் சேர்த்து அழித்துவிடுகிறது, எண்ணைக் கொடுக்க நினைப்பவரோ அதை எழுத்தால் எழுதி அனுப்பிவிடுகிறார்.

இனி கூரியர் நிறுவனங்களுக்குத் தனியாக. உங்கள் நிலைமை செயலி நிறுவனங்களைவிடக் கடினமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உணவு ஆர்டரில் ஊழியர் யார் என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பார்சலில் லேபிள் அச்சாகும் நேரத்தில் அதை யார் கொண்டுபோகப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஜோடியே அமையாத நிலையில் மேலே சொன்ன பதிவை எழுத முடியாது. அதனால்தான் லேபிளில் உண்மை எண்ணையே அச்சிட்டுவிடுகிறீர்கள். அந்த எண் முகவரியோடும் பெயரோடும் சேர்ந்து கிடங்குகளையும் வண்டிகளையும் கடந்து, கடைசியில் குப்பைத்தொட்டியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது. சிலர் எண்ணின் நடு இலக்கங்களை மறைத்து அச்சிடுகிறீர்கள். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் சதுரக் குறியீட்டைச் சாதாரணக் கைபேசி கேமராவால் படித்தால் முழு எண்ணும் எழுத்தாக வந்துவிடுகிற லேபிள்களைப் பார்த்திருக்கிறேன். பார்சல் பெறுபவர்கள் தங்கள் லேபிளை ஒருமுறை இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. குறியீட்டில் இருக்க வேண்டியது பார்சல் எண் மட்டுமே.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, லேபிளில் எந்தத் தொலைபேசி எண்ணும் இல்லாமல் விடுவது. ஊழியர் தன் கருவியால் பார்சலை ஸ்கேன் செய்து அழைப்புப் பொத்தானை அழுத்தும்போது அந்த நொடியில் ஜோடி அமைகிறது, இணைப்பு அப்போது உருவாகிறது. இன்னொன்று, அந்தப் பார்சலுக்கு மட்டும் உரிய தற்காலிக எண்ணை லேபிளில் அச்சிட்டு, பார்சல் சேர்ந்த சில நாள்களில் அதைச் செயலிழக்கச் செய்வது. தென் கொரியாவில் 050 என்று தொடங்கும் பாதுகாப்பு எண்கள் டெலிவரிக்கு இப்படித்தான் பயன்படுகின்றன. இரண்டாவது முறையில் ஒவ்வொரு பார்சலுக்கும் தனி எண் வேண்டும் என்பதால் எண்கள் அதிகம் தேவை. யார் அழைத்தாலும் இணைப்பு கிடைக்கும் என்பதால் குறுகிய ஆயுள் முக்கியம். முதல் முறை மலிவானது, பாதுகாப்பானது. ஆனால் கடைசிக் கட்ட விநியோகத்தைத் துணை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருக்கும் இடங்களில் அவரிடம் உங்கள் கருவி இருக்காது. காலையில் பெயர், முகவரி, எண் அடங்கிய ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறீர்கள். உண்மையான கசிவு அங்கேதான் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கோப்பில் எண் இருந்த கட்டத்தில் இடை எண்ணையும் ஆறு இலக்கக் குறியீட்டையும் வைத்தால் ஒப்பந்தக்காரருக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சாதாரணக் கைபேசியிலிருந்தே அழைத்துக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் மறைப்பு என்பது ஊழியரிடமிருந்துதான்; உங்களிடமிருந்து எதுவும் மறையவில்லை. எல்லா அழைப்புகளும் உங்கள் சர்வர் வழியாகப் போவதால் யார், யாரிடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசினார் என்பது பதிவாகிறது. விரும்பினால் பேச்சையும் பதிவு செய்ய முடியும். பதிவு செய்கிறீர்கள் என்றால் அழைப்பின் தொடக்கத்தில் இருவருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒப்படைத்த பிறகு இணைப்பு எந்தத் திசையில் எவ்வளவு நேரம் திறந்திருக்கும், வேறு எண்ணிலிருந்து அழைத்தால் என்ன நடக்கும், லேபிளிலும் ஒப்பந்தக்காரரின் கோப்பிலும் என்ன அச்சாகிறது, அழைப்புப் பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்ற நான்கு கேள்விகளுக்குமான பதிலை உங்கள் செயலியின் உதவிப் பக்கத்தில் எளிய வார்த்தைகளில் எழுதிவையுங்கள். அதை எழுதி முடிக்கும் வரை, வாடிக்கையாளரின் எண் தன்னிடம் இருந்த காரணத்துக்காக மட்டும் எந்த ஊழியரின் கணக்கையும் முடக்காதீர்கள். அந்த எண் அவருக்கு எந்த வழியில் வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
அழைப்பு வழிநடத்தும் துறையில் பணிபுரியும் ஒரு வாடிக்கையாளர்